சவுரிக்குச் சாயம் போடும் முன்: எந்த முடி நிறம் பிடிக்கும், எது பிடிக்காது

கும்பகோணத்தில் கல்யாணப் பெண்களுக்கும் நாட்டியம் ஆடும் பிள்ளைகளுக்கும் ஜடை அலங்காரம் செய்து கொடுப்பது என் வேலை. தொழிலுக்கு வந்த புதிதில், ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால், பாபநாசத்துப் பெண் ஒருத்திக்காக ஒரு சவுரிக்கு டை போட்டேன். "ஒரிஜினல் முடி" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். விலையும் அதற்கேற்ற விலைதான். செம்பட்டையாக இருந்ததை அடர் பழுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். டை போட்டு, அலசி, மாடியில் காய வைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தால் சவுரியில் இரண்டு நிறம். முக்கால்வாசி முடி நான் நினைத்த அடர் பழுப்பு. மீதி கால்வாசி வாங்கிய அன்று இருந்த அதே செம்பட்டை, வெயிலில் மீன்பிடி நரம்பு மாதிரி பளபளத்துக்கொண்டு நின்றது.

பெண்ணின் அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் நிஜ முடிதானே? அப்புறம் ஏன் கொஞ்சம் மட்டும் நரைச்ச மாதிரி நிக்குது?" என்றார். சாயம் சரியில்லை என்று நினைத்து அன்று ராத்திரியே இன்னொரு முறை போட்டேன். பழுப்பானது கறுப்பானது. பளபளத்தது அப்படியே பளபளத்தது. கடைசியில் வேறு சவுரி வாங்கி முகூர்த்தத்தை ஒப்பேற்றினோம்.

அந்தக் கால்வாசி முடி பிளாஸ்டிக் இழை. தலைமுடிக்கான டையைப் பத்து முறை போட்டாலும் அது ஏற்காது. சவுரி, கிளிப் போட்ட எக்ஸ்டென்ஷன், விக் எதுவானாலும் டை பாக்கெட்டைக் கையில் எடுக்கும் முன் இழை என்ன என்று கண்டுபிடித்துவிட வேண்டும். மற்றது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டை ஏன் முடியில் மட்டும் பிடிக்கிறது

பெட்டியில் வரும் கிரீம் டையில் இரண்டு பொருள் இருக்கும். ஒன்று நிறம் தரும் கிரீம், மற்றது பெராக்சைடு கலந்த டெவலப்பர். கிரீமில் இருக்கும் சாய மூலக்கூறுகள் ஆரம்பத்தில் நிறமே இல்லாத சின்னத் துணுக்குகள். அம்மோனியாவோ அது மாதிரி வேறு காரமோ பட்டதும் முடி ஊறி உப்பும், மேலே இருக்கும் செதில்கள் திறக்கும். அந்த இடுக்கு வழியாகத் துணுக்குகள் உள்ளே போகும். உள்ளே போனபின் பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய, நிறமுள்ள மூலக்கூறாக்கும். உள்ளே வந்த வழியாக அது வெளியே போக முடியாது. நிறம் நிற்பது இப்படித்தான்.

இது நடக்க இழை தண்ணீரில் ஊற வேண்டும். மனித முடி கெரட்டின் என்ற புரதம், அதனால் ஊறும். செயற்கை இழை ஊறாது. அதில் திறக்கச் செதிலும் கிடையாது. சாயம் மேலே வழிந்து ஒட்டி, அலசும்போது தண்ணீரோடு போய்விடும். செயற்கை முடியை ப்ளீச் போட்டு வெளுக்கவும் முடியாது. ப்ளீச் உடைப்பது முடிக்குள் இருக்கும் மெலனினை. செயற்கை இழையின் நிறமோ பெரும்பாலும் இழையாக இழுக்கும்போதே ஆலையில் சேர்ந்துவிட்ட நிறம். அதில் உடைப்பதற்கு மெலனின் ஏது?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பக்கத்தில் திருபுவனம். பட்டு நெசவுக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் பட்டும் முடியும் ஒரே சாதி என்பார்கள், இரண்டுமே புரதம். பட்டு நூலுக்குக் காய்ச்சும் ஆசிட் சாயம் மனித முடியிலும் பிடிக்கும், கம்பளியிலும் பிடிக்கும். அதே சாயத்தில் பாலியஸ்டர் நூலை முக்கினால் அசல் வெள்ளையாகவே திரும்பி வரும்.

கொளுத்திப் பார்ப்பது

நிஜப் பட்டா என்று பார்க்க முந்தானையில் ஒரு நூலை உருவிக் கொளுத்துவார்களே, அதே சோதனைதான். வாசனையும் அதேதான். பட்டு எரிந்தால் "முடி பொசுங்கின வாசனை வரணும்" என்று சொல்வார்கள். நமக்கு முடியே வேண்டும்.

சவுரியின் ஒரே இடத்தில் முடி எடுக்காதீர்கள். நான் ஏமாந்தது அதிலும்தான். பிற்பாடு அந்தச் சவுரியைப் பிரித்துப் பார்த்தபோது, வெளி அடுக்கு முழுக்க மனித முடி, தடிமன் காட்டுவதற்காக உள் அடுக்கில் செயற்கை இழையை மடித்துத் தைத்திருந்தார்கள். அதனால் தையலின் இரண்டு முனை, நடு, உள் மடிப்பு, வெளி மடிப்பு என்று ஐந்து இடத்தில் நாலைந்து இழைகளாக வெட்டி எடுத்து, தனித்தனியாக நூலால் கட்டி வையுங்கள். ஜன்னலைத் திறந்துகொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டின் மேல் வைத்து, புருவம் எடுக்கும் டிவீசரால் பிடித்து, மெழுகுவத்திச் சுடரின் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கையால் பிடிக்கக் கூடாது. பிளாஸ்டிக் உருகிச் சொட்டினால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

மனித முடி சுடரில் பட்டதும் சுருண்டு பொரியும், பொசுங்கும் வாசனை வரும். சுடரை எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும். நுனியில் ஒரு கறுப்பு உருண்டை நிற்கும். ஆறியபின் விரலால் நசுக்கிப் பாருங்கள், திருநீறு மாதிரி பொடியாகிவிடும்.

பாலியஸ்டர் இழை, "ஹீட் ரெசிஸ்டன்ட்" என்று எழுதி விற்கும் விக்குகளில் அதிகம் வருவது. சுடரிலிருந்து விலகிச் சுருங்கும், உருகும், கரும்புகை விட்டபடி சொட்டும். ஆறியபின் நுனியில் இருப்பது கடினமான மணி, நகத்தால் அழுத்தினாலும் உடையாது.

மோட அக்ரிலிக் இன்னொரு வகை. ஜப்பானின் கனெகா நிறுவனம் கனெகலான் என்ற பெயரில் விற்கும் இழை இந்த இனம்தான். பின்னல் போடுவதற்கென்று வரும் கட்டுமுடிகளில் நிறைய இருக்கும். நெருப்பில் சுருங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். கோணல்மாணலான கட்டிக் கரி மிஞ்சும், மூக்கில் ஏறும் காட்டமான நெடி வரும். தானே அணைந்துவிட்டதே, அப்படியானால் நிஜ முடி என்று நினைப்பவர்கள் உண்டு. அணைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வாசனையும் சாம்பலும்தான் சாட்சி.

மலிவான சவுரிகளிலும் பொம்மை முடியிலும் பிவிசி இழை வரும். அதுவும் தானே அணையும், ஆனால் நெடி தொண்டையைப் பிடிக்கும். குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள்.

ஐந்து கட்டும் பொடியானால் டை போடலாம். ஐந்தும் மணியானால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். நாலு பொடி, ஒன்று மணி என்றால் கலப்படம். அதற்கு டை போட்டால் என் பாபநாசம் சவுரி மாதிரிதான் வரும். தையலைப் பிரித்து செயற்கை அடுக்கை எடுத்துவிட்டு மறுபடி தைக்கத் தெம்பிருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மனித முடியிலும் இரண்டு விதம்

கோயிலில் முடியிறக்கும்போது வரும் நீள முடி, வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாக ஒரே திசையில் சேர்த்துக் கட்டப்படும். இதை வியாபாரத்தில் ரெமி என்பார்கள். செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் படிந்திருப்பதால் சிக்காது. இன்னொன்று, தெருவில் பாத்திரத்துக்கும் ஊக்குக்கும் மாற்றாக வாங்கிப் போகும் சிக்குமுடி. சீப்பில் வந்த முடி என்பதால் வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கும், செதிலோடு செதில் மாட்டிச் சிக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஆலையில் அமிலத்தில் போட்டுச் செதிலைக் கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்கி விற்பார்கள்.

ஓர் இழையை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பாருங்கள். லேசாகச் சொரசொரத்தால் செதில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழுக்கினால், ஒன்று செதில் போய்விட்டது, அல்லது சிலிக்கோன் மேலே உட்கார்ந்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், சிலிக்கோன் இருக்கும்வரை டை திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சிலிக்கோன் போனபின்போ நேர் எதிர், செதில் இல்லாத முடி பஞ்சு மாதிரி சாயத்தை உறிஞ்சும். பெட்டியில் போட்டிருக்கும் நிறத்தைவிட ஒரு படி, சில சமயம் இரண்டு படி கறுத்துப்போகும். அதனால் சவுரிக்கு டை வாங்கும்போது வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிர் நிறமாக வாங்குங்கள். எண் போட்ட டைகளில் 1 கறுப்பு, 3 அடர் பழுப்பு, 4 நடுத்தரப் பழுப்பு. 3 வேண்டுமென்றால் 4 வாங்கிச் சோதித்துப் பாருங்கள். வெளிர் நிறம் போதாவிட்டால் இன்னொரு முறை போட்டுக் கறுப்பாக்கலாம். கறுத்துப்போனதைத் திரும்ப எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

கன்னங்கரேலென்று ஆலையில் சாயம் போட்டு வந்த சவுரியைப் பழுப்பாக்கித் தரச் சொல்லி வருபவர்களுக்கு நான் முடியாது என்றே சொல்லிவிடுகிறேன். டை மேல் டை போட்டால் நிறம் வெளுக்காது. ப்ளீச் போட்டால் ஓரிடத்தில் ஆரஞ்சு, ஓரிடத்தில் கறுப்பு என்று வரும். ஏற்கெனவே அமிலத்தில் வெந்த முடி ப்ளீச்சில் நூலாக அறுந்தும் போகும்.

ஒரு சவுரி, தொடக்கத்திலிருந்து

போன தை மாதம் செய்த ஒன்றைச் சொல்கிறேன். மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். 24 அங்குலச் சவுரி, எடை 100 கிராம். அவள் அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது. நாலு வருஷத்தில் வெளுத்துச் செம்பட்டையாகியிருந்தது. ஐந்து கட்டும் பொடியானது.

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டில் வேண்டாம், காலை வெயிலில் பாருங்கள். பெண்ணின் உச்சிமுடியோடு ஒப்பிடக் கூடாது. சவுரி சேர்வது பின்னலின் கீழ்ப்பாதியில், ஆகவே முடியின் நுனியோடுதான் ஒப்பிட வேண்டும். நம்மில் நிறையப் பேருக்கு நுனி முடி கறுப்பே அல்ல, வெயிலில் அடர் பழுப்பு. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான். "நேச்சுரல் பிளாக்" வாங்கி வந்திருந்தாள். அதை எடுத்து வைத்துவிட்டு 4 வாங்கி வரச் சொன்னேன்.

அடுத்தது சிலிக்கோனையும் எண்ணெயையும் எடுப்பது. தேங்காயெண்ணெய் தடவிப் பின்னிய சவுரியாக இருந்தால் இது இன்னும் அவசியம். கண்டிஷனர் கலக்காத ஷாம்பூவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சவுரியை நீளவாக்கில் முக்கி, மேலிருந்து கீழாக விரலால் உருவ வேண்டும். துணி மாதிரி கசக்கினால் சிக்கு எடுக்க ஒரு நாள் ஆகும். இரண்டு முறை செய்தபின் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காய்ந்த முடியில் விட்டுப் பார்த்தேன். உருண்டு நின்றால் இன்னும் பூச்சு இருக்கிறது. உடனே ஊறினால் தயார். மூன்றாவது அலசலுக்குப் பிறகுதான் ஊறியது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. டெல்டாவில் கடற்கரைப் பக்கம் போகப் போகப் போர்த் தண்ணீர் உப்பு. உள்ளே சில ஊர்களில் இரும்பு, வாளியில் காவிக்கறை படியும். உப்புத் தண்ணீரில் ஷாம்பூ நுரைக்காமல் முடியில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் நிறம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. கடைசி ஷாம்பூவுக்கும் அதற்குப் பிறகான அலசலுக்கும் கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ போதும். இரண்டு குடத்துக்கு மேல் தேவைப்படாது.

பிறகு சோதனை முடி. உள் மடிப்பிலிருந்து பத்து இழை வெட்டி நூலால் கட்டி, ஒரு ஸ்பூன் டையில் போட்டு வைத்தேன். பத்தாவது நிமிஷம் ஒரு முறை, இருபதாவது நிமிஷம் ஒரு முறை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பார்த்தேன். டை மேலே இருக்கும்போதும் ஈரமாக இருக்கும்போதும் நிறம் உள்ளதைவிட இருண்டுதான் தெரியும், அதனால் அலசிக் காயவைத்தபின்தான் முடிவு. இருபது நிமிஷத்தில் எடுத்தது காய்ந்ததும் பெண்ணின் நுனிமுடியோடு சேர்ந்துவிட்டது. பெட்டியில் முப்பது நிமிஷம் என்று போட்டிருந்தது. அது தலையில் வளரும் முடிக்கான கணக்கு. தாகம் பிடித்த சவுரிக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

100 கிராம் சவுரிக்குக் கிரீமும் டெவலப்பருமாகச் சேர்த்து 100 முதல் 120 கிராம் கலவையாவது வேண்டும். ஒரு சின்னப் பாக்கெட்டைத் தண்ணீர் விட்டு நீட்டினால் திட்டு நிச்சயம். கருமையாக்க மட்டும்தான் போகிறோம் என்பதால் டெவலப்பர் 3 சதவீதம், அதாவது 10 வால்யூம் போதும். விகிதம் பெட்டியில் எழுதியபடி. கலக்குவது பிளாஸ்டிக் கிண்ணத்தில், கையில் கையுறை. நிறைய டைகளில் பிபிடி என்ற பொருள் இருக்கும், சிலருக்கு அது தோலில் பட்டால் அரிப்பும் வீக்கமும் வரும். சவுரியைத் தலையில் வைக்காமல் சாயம் போடுகிறோம் என்பது ஒரு நல்லது. ஆனாலும் போடுகிற நம் கை இருக்கிறதே.

பழைய பாலிதீன் விரிப்பில் சவுரியை நீளமாகப் படுக்க வைத்து, நாலு பிரிவாகப் பிரித்துக்கொண்டேன். முடி தைத்திருக்கும் மேல் ஓரத்தில் அரை அங்குலம் விட்டுவிட்டு அங்கிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தேன். நுனி நாலு அங்குலம் மட்டும் கடைசி. நுனி அதிகம் காய்ந்து நைந்திருக்கும், அதனால் வேகமாக உறிஞ்சும். முதலிலேயே தடவினால் நுனி கறுப்பு, நடு பழுப்பு என்று ஆகிவிடும். நடுப்பகுதிக்கும் நுனிக்கும் ஏழெட்டு நிமிஷ இடைவெளி விட்டேன். ஒவ்வொரு பிரிவையும் புரட்டிப் பின்பக்கமும் தடவ வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான்.

இருபது நிமிஷம் ஆனதும் மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் கீழே ஓடுகிற மாதிரி பிடித்து அலசினேன். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும், பத்துப் பன்னிரண்டு சொம்பு பிடிக்கும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டு அதில் முக்கி எடுத்தேன். காரத்தில் உப்பிய முடி புளிப்பில் அடங்கும். அதன்பின் கண்டிஷனர், ஐந்து நிமிஷம், மறுபடி அலசல். பழைய காட்டன் துண்டில் சுருட்டி அழுத்தி, தைத்த ஓரத்தைக் கிளிப்பில் மாட்டி நிழலில் தொங்கவிட்டேன். தையில் காற்று உலர்வாக இருக்கும், ஒரு பகலில் காய்ந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள் ஆகும். தையலுக்குள் ஈரம் நின்றால் முட்டை நாற்றம் மாதிரி ஒன்று வரும், அது எண்ணெயாலும் போகாது. மழைக்காலத்தில் மேல் ஓரத்தை மட்டும் ஹேர் டிரையரின் குளிர்காற்றில் காட்டுங்கள்.

வியர்வைச் சோதனை

காய்ந்ததும் வேலை முடிந்தது என்று கொடுத்துவிடாதீர்கள். ஹோமப்புகைக்கு முன்னால் மூன்று மணி நேரம் உட்காரும் பெண்ணின் முதுகில்தான் இந்தச் சவுரி தொங்கப்போகிறது. நாட்டியம் ஆடுகிற பிள்ளையானால் வர்ணம் ஆடி முடிப்பதற்குள் முதுகு நனைந்திருக்கும். மிச்சச் சாயம் இருந்தால் பட்டு ரவிக்கையில் இறங்கும், பட்டு அதை விடாது. புரதத்தில் பிடிக்கும் சாயம் என்று மேலே சொன்னேனே, பட்டும் புரதம்தானே.

வெள்ளைத் துணியை உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சவுரியை அதில் சுற்றி, மேலே அம்மிக்குழவியோ தண்ணீர்ப் பாட்டிலோ வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். துணியில் நிறம் இறங்கினால் இன்னொரு ஷாம்பூ, இன்னொரு அலசல், மறுபடி சோதனை. மயிலாடுதுறைச் சவுரி முதல் முறை லேசாக இறங்கியது, இரண்டாவது முறை துணி வெள்ளையாகவே வந்தது. டை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்று முன்பே தெரிந்தால், எத்தனை அலசினாலும் அவர்களுக்குச் சாயம் போட்ட சவுரியைக் கொடுக்காதீர்கள்.

இரசாயன டையே வேண்டாம் என்பவர்களுக்கு மருதாணி போட்டுப் பிறகு அவுரிப்பொடி போடும் வழி உண்டு. மனித முடியில் நன்றாகவே பிடிக்கும், மருதாணி மட்டுமானால் செம்பட்டை, அவுரியும் சேர்ந்தால் கருமை. தொல்லை என்னவென்றால் பொடி தையலுக்குள் புகுந்துகொண்டு ஒரு வாரம் உதிரும். "கறுப்பு மருதாணி" என்று விற்பதில் பிபிடி கலந்திருக்கலாம், பெயரைப் பார்த்து நம்பாதீர்கள்.

பொன்னிறமாக வெளுத்த விக்கைப் பழுப்பாக்குவது தனி வம்பு. நேராகப் பழுப்பு டை போட்டால் பாசி படிந்த மாதிரி பச்சை அடிக்கும். வெளுக்கும்போது முடியிலிருந்த சிவப்பும் ஆரஞ்சும் போய்விட்டது, பழுப்பு நிறம் நிற்க அடியில் அது வேண்டும். முதலில் செம்பு நிற டை ஒரு கை போட்டு, அதன் மேல் பழுப்பு போட்டால் சரியாக வரும்.

செயற்கை இழையை என்ன செய்யலாம்

தலைமுடி டையை மறந்துவிடுங்கள். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம் என்று ஒன்று இருக்கிறது, பாலியஸ்டர் துணிக்குப் போடுவது. ஆலையில் அழுத்தக் கலத்தில் 130 டிகிரி வரை சூடேற்றிப் போடுவார்கள். அந்தச் சூட்டில் இழை இளகி, சாயம் உள்ளே போகும். வீட்டில் அவ்வளவு சூடு வராது என்பதால் வீட்டு உபயோகத்துக்கென்று வரும் ரிட் டைமோர், ஐடை பாலி போன்றவற்றைத்தான் வாங்க வேண்டும். பழைய எவர்சில்வர் தவலையில் தண்ணீர் கொதிநிலையை ஒட்டி இருக்க, அரை மணி நேரத்துக்கு மேல் மெல்லப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தவலையில் பிறகு சமைக்கக் கூடாது. இது நேராகத் தொங்கும் கட்டுமுடிக்கு ஒத்துவரும். சுருள் வைத்த முடியைப் போட்டால் சுருள் அவிழ்ந்துவிடும். தொப்பி வலை, எலாஸ்டிக், பசை எல்லாம் உள்ள முழு விக்கைக் கொதிநீரில் இறக்கினால் விக் கெடும். அதோடு, வெளிர் நிறத்தைக் கருமையாக்கத்தான் முடியும். கறுப்பு பாலியஸ்டர் கடைசிவரை கறுப்புதான்.

மோட அக்ரிலிக்கில் இந்தச் சாயம் சில சமயம் பிடிக்கும், ஆனால் கொதிநீரில் இழை சுருங்கிப் பரட்டையாகலாம். ஒரு கொத்தை வெட்டிப் போட்டுப் பார்க்காமல் இறங்காதீர்கள். பிவிசி கொதிக்கும் முன்பே இளகிக் கோணிவிடும். அதற்கு இந்த வழி கிடையாது.

மேடைக்கு ஒரு ராத்திரி நின்றால் போதும் என்றால் ஆல்கஹால் இங்க் இருக்கிறது. டெல்டாவில் கோடைக்கு ஊருக்கு ஊர் நாடகம். மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் வேஷமும் ஆண்களே கட்டுவதால் நீள ஜடை இல்லாமல் முடியாது. இப்படி ஒரு கிராமத்து நாடகக் குழு, பழுப்பு நிறப் பின்னல் ஒன்றைக் கறுப்பாக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தது. கொளுத்தினால் மணி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கறுப்பு ஆல்கஹால் இங்க்கைக் கலந்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, வெளி முற்றத்தில் வைத்து, மெல்லிய கொத்துகளாகப் பிரித்து அடித்தேன். சுற்றுவட்டாரத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, ஆல்கஹால் ஆவி குப்பென்று பற்றும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சீப்பால் வாரி உதிர்வதையெல்லாம் உதிர்த்துக் கொடுத்தேன். சாயம் இழையின் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. வெள்ளைத் துணியில் தேய்த்தால் வரும். அதனால் வெளிர் நிறப் புடவை கட்டும் வேஷத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

நைலான் மட்டும் ஒரு விதிவிலக்கு. பொம்மைகளிலும் சில மலிவுச் சவுரிகளிலும் வரும். பிளாஸ்டிக்தான், கொளுத்தினால் உருகி மணியாகும், ஆனால் பட்டுக்குப் போடும் ஆசிட் சாயத்தை வினிகர் விட்ட சுடுதண்ணீரில் ஏற்றுக்கொள்ளும். மணியானதெல்லாம் சாயம் ஏற்காது என்று முடிவு கட்டும் முன், ஒரு கொத்தை வெட்டிச் சாயம் காய்ச்சுபவரிடம் கொடுத்து அவர் தொட்டியில் முக்கிப் பார்க்கச் சொல்லலாம். சணல், வாழைநாரில் செய்த ரிஷி தாடியும் சடாமுடியும் இதில் எதிலும் சேராது. அவை தாவர நார், பருத்திக்குப் போடும் சாயத்தைத்தான் ஏற்கும்.

பாபநாசம் சவுரியை நான் தூக்கிப் போடவில்லை. செயற்கை அடுக்கைப் பிரித்தெடுத்துவிட்டேன். மீதி முக்கால் பங்கும் இரண்டாவது டையில் கறுத்துப்போனது, இப்போது பின்னல் பழக வரும் பெண்களுக்கு அதில்தான் ஜடை போடச் சொல்லிக்கொடுக்கிறேன்.